ஹெக்ஸ் எண்ணை வைத்து விமானத்தை அடையாளம் காண: பிளாக்கா, சூத்திரமா, பட்டியலா?

மாடியில் விமானங்களின் சிக்னலைப் பிடிக்கும் ஒரு சின்ன ஆன்டெனா, அதிலிருந்து வரும் ஒயரில் ஒரு யூஎஸ்பி ரிசீவர், கணினியில் அந்த விமானங்களை வரிவரியாகக் காட்டும் tar1090 மென்பொருளின் திரை. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். பெரும்பாலான வரிகளில் கொடி, பதிவெண், மாடல் எல்லாம் தானாக வந்து நிற்கும். திடீரென்று ஒரு வரி மட்டும் `76CD63` என்பது போன்ற ஆறு எழுத்தோடு நிற்கும். பெயரும் இல்லை, மாடலும் இல்லை. இது எந்த விமானம்?

கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. எண் எந்த நாட்டுக்கு ஒதுக்கிய எண் தொகுதியில், அதாவது பிளாக்கில், விழுகிறது என்று பார்ப்பது ஒன்று. எண்ணிலிருந்து கணக்குப் போட்டுப் பதிவெண்ணையே வரவழைப்பது இன்னொன்று. யாரோ தொகுத்து வைத்த பட்டியலில் தேடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே வேலைக்கான மூன்று கருவிகள் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. கேள்வி மாறினால் எதை முதலில் நம்புவது என்பதும் மாறும்.

முதலில் அந்த எண் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற ரேடியோப் பெட்டி தன்னை அறிவிக்கும்போது 24 பிட் நீளமுள்ள ஒரு முகவரியைச் சேர்த்து அனுப்புகிறது. ஹெக்ஸில், அதாவது 0 முதல் 9, A முதல் F என்ற பதினாறு குறிகளில், எழுதினால் ஆறு எழுத்து. விமானக் கட்டுப்பாட்டாளர் ஒவ்வொரு பயணத்துக்கும் கொடுக்கும் நான்கு இலக்க ஸ்குவாக் எண் வேறு; அது நாளுக்கு நாள் மாறும். இந்த 24 பிட் முகவரி விமானம் ஒரு நாட்டில் பதிவாகியிருக்கும் வரை மாறாது. எல்லா பிட்டும் பூஜ்யம், எல்லா பிட்டும் ஒன்று ஆகிய இரண்டையும் யாருக்கும் தரக்கூடாது என்பதால் மொத்தம் 16,777,214 முகவரிகள். இவற்றை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அட்டவணை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 10ஆம் இணைப்பில் இருக்கிறது. அந்தந்த நாடு தன் பங்கிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று கொடுக்கும்.

பிரித்த விதம் நம் பழைய எஸ்டிடி கோடு மாதிரிதான். சென்னைக்கு 044, திருச்சிக்கு 0431, நாமக்கல்லுக்கு 04286. ஊர் சின்னதாக ஆக ஆக கோடு நீளும், உள்ளே இருக்கும் எண் குறையும். மொத்த நீளம் மட்டும் ஒன்றே. இங்கேயும் முன்னால் உள்ள சில பிட்டுகள் நாட்டைக் குறிக்கின்றன, மிச்சம் விமானத்துக்கு. அமெரிக்காவுக்கு முன்பிட் நான்குதான், எனவே 10,48,576 முகவரிகள். இந்தியாவுக்கு ஆறு, 2,62,144 முகவரிகள். சிங்கப்பூர், இலங்கை, மலேசியா, பாகிஸ்தான் போன்றவற்றுக்கு ஒன்பது, 32,768 முகவரிகள். நேபாளத்துக்குப் பன்னிரண்டு, 4,096. அட்டவணை போட்டபோது மால்டா, மாலத்தீவு போன்றவற்றுக்குப் பதினான்கு முன்பிட் வைத்து 1,024 மட்டும் கொடுத்தார்கள். இந்த ஐந்து அளவுகள்தான்.

பிளாக்கை மட்டும் பார்ப்பது

இது மிகச் சுலபம். இணையம் வேண்டாம், கணக்கும் வேண்டாம். திருச்சி வானத்தை எடுத்துக்கொண்டால் 80 என்று ஆரம்பித்தால் இந்தியா, 75 என்றால் பெரும்பாலும் மலேசியா என்று சில நாளில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வதில்தான் முதல் பள்ளம். `76` பாகிஸ்தானுக்கும் சிங்கப்பூருக்கும் பொது. முன்பிட் ஒன்பது என்பதால் எல்லைக்கோடு மூன்றாவது எழுத்தின் நடுவில் விழுகிறது: மூன்றாவது எழுத்து 0 முதல் 7 வரை இருந்தால் பாகிஸ்தான், 8 முதல் F வரை இருந்தால் சிங்கப்பூர். அதேபோல `770` முதல் `777` வரை இலங்கை, `778`இலிருந்து சிரியா. கொழும்பிலிருந்து வரும் விமானத்தைச் சிரியா என்று சொல்ல ஒரே ஒரு பிட் போதும்.

எண்ணைச் சரியாகவே படித்தாலும் பிளாக் சொல்வது ஒரே ஒரு விஷயம்: எந்த நாட்டுப் பதிவேட்டில் விமானம் இருக்கிறது என்பது. யார் ஓட்டுகிறார்கள், யாருடைய பயணிகள் உள்ளே என்பதை அது சொல்லாது.

`76CD63`ஐயே எடுத்துக்கொள்வோம். அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 ஒன்றின் முகவரி, பதிவெண் 9V-SKC, தொழிற்சாலை வரிசை எண் 006. 2018இல் அந்த விமானம் ஹை ஃப்ளை என்ற போர்ச்சுகல் நிறுவனத்திடம் போனது. ஆனால் பதிவானது போர்ச்சுகலில் அல்ல, மால்டாவில், 9H-MIP என்று. நாடு மாறினால் பழைய முகவரியைக் கைவிட்டுப் புது நாட்டின் முகவரியை வாங்க வேண்டும் என்பது விதி. ஆகவே சிங்கப்பூர் எண் போய் `4D2` என்று தொடங்கும் மால்டா எண் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதே விமானம் நார்வேஜியன் நிறுவனத்துக்காக லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பறந்தது. அப்போது அதைத் திரையில் பார்த்தவருக்குத் தெரிந்தது மால்டா கொடி. போர்ச்சுகல் நிறுவனம், நார்வே விமான சேவை, அதற்கு முன் பத்தாண்டு சிங்கப்பூர் வாழ்க்கை எதுவும் அந்த ஆறு எழுத்தில் இல்லை.

குத்தகை விமானங்களின் உலகத்தில் இது விதிவிலக்கே அல்ல. 2022 வரை ரஷ்ய விமான நிறுவனங்களின் போயிங்குகளும் ஏர்பஸ்களும் நிறைய பெர்முடாவில் பதிவாகியிருந்தன. பெர்முடா பிரிட்டனின் பிளாக்கிலிருந்து எடுத்துக்கொள்வதால், மாஸ்கோவிலிருந்து வந்த விமானம் `424` என்று தொடங்கி பிளாக் கணக்கில் பிரிட்டனாகக் காட்சி தந்தது. அந்த மார்ச்சில் பெர்முடா அவற்றின் பறக்கும் தகுதிச் சான்றிதழ்களை நிறுத்தி வைத்ததும், பல விமானங்கள் ரஷ்யப் பதிவேட்டுக்கு மாற்றப்பட்டு `15` என்று தொடங்கும் எண்களோடு திரும்பி வந்தன. விமானமும் மாறவில்லை, நிறுவனமும் மாறவில்லை, கொடி மட்டும் மாறியது.

சூத்திரம் போடுவது

எனக்குப் பிடித்தது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சிங்கப்பூர் பதிவெண் என்பது 9V- என்ற முன்னொட்டும் மூன்று எழுத்தும். அந்நாட்டு பிளாக்கில் முன்பிட் ஒன்பது போக மிச்சம் பதினைந்து பிட். ஓர் எழுத்துக்கு ஐந்து பிட் என்றால் மூன்று எழுத்துக்கும் சரியாகப் பதினைந்து! அதைத்தான் செய்திருக்கிறார்கள். A என்றால் 1, B என்றால் 2, Z என்றால் 26. இப்போது `76CD63`ஐ பிட்டுகளாகப் பிரிப்போம்:

```
0111 0110 1100 1101 0110 0011

011101101 | 10011 | 01011 | 00011
சிங்கப்பூர்     19      11      3
                S       K      C
```

பட்டியலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பதிவெண் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நிரலாக எழுதினால் சில வரிகள்:

```
def sg(h):
    n = int(h, 16) - 0x768000
    if not 0 <= n < 32768:
        return None
    k = [n >> 10, (n >> 5) & 31, n & 31]
    if any(x < 1 or x > 26 for x in k):
        return None
    return "9V-" + "".join(chr(64 + x) for x in k)
```

இதில் கடைசி `if`தான் கவனிக்க வேண்டியது. ஐந்து பிட்டில் 32 எண்கள் அடங்கும், எழுத்துகளோ 26. எனவே 32,768 முகவரிகளில் 17,576க்குத்தான் எழுத்துப் பெயர் அமையும். மிச்சத்தில் ஒன்று திரையில் வந்தால் அது இந்த முறைப்படி கொடுத்த சிவில் பதிவெண் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். அரசு விமானமாக இருக்கலாம், அல்லது ரிசீவர் தப்பாகப் படித்த எண்ணாக இருக்கலாம். சூத்திரம் தன் தோல்வியைத் தானே சொல்கிறது. மற்ற இரண்டு வழிகளுக்கும் இந்தக் குணம் இல்லை.

அமெரிக்காவின் சூத்திரம் வேறு வகை. அங்கே பதிவெண் N என்று தொடங்கி ஒன்று முதல் ஐந்து இடம் வரை போகும்; முன்னால் எண்கள், கடைசி இரண்டு இடத்தில் வேண்டுமானால் எழுத்துகள். I, O இரண்டும் 1, 0 போலத் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு 24 எழுத்துகள். சாத்தியமான எல்லாப் பதிவெண்களையும் அகராதி வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகிறார்கள். N1 என்பது `A00001`, N1A என்பது `A00002`, N1AA என்பது `A00003`. N1AZ முடிந்ததும் N1B, அது `A0001B`. இப்படியே போனால் கடைசிப் பதிவெண்ணான N99999 வரும்போது 9,15,399 ஆகியிருக்கும், ஹெக்ஸில் `DF7C7`, முன்னால் அமெரிக்காவின் A சேர்த்தால் `ADF7C7`. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும். (அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் பதிவேட்டில் இதே முகவரியை எட்டு இலக்க ஆக்டல் எண்ணாகவும் போட்டிருப்பார்கள், N1க்கு 50000001. அதை ஹெக்ஸ் என்று நினைத்துத் தேடி ஒன்றும் கிடைக்காமல் விழித்தவர்களில் நானும் ஒருவன்.)

ரஷ்யாவில் இன்னும் எளிது: RA- க்குப் பின்னால் உள்ள ஐந்து இலக்கத்தை ஹெக்ஸாக மாற்றி `140000`உடன் கூட்டினால் போதும். RA-82079 என்றால் 82079க்கு ஹெக்ஸ் `1409F`, கூட்டினால் `15409F`. ஆஸ்திரேலியா, கனடா, துருக்கி, பாகிஸ்தான் என்று இப்படிக் கணக்குப் போடத்தக்க நாடுகள் இன்னும் உண்டு. ஜெர்மனியில் முதல் எழுத்தைப் பொறுத்து சூத்திரமே மாறும், அதற்குள் இப்போது போகவேண்டாம்.

ஆனால் நமக்கு நெருக்கமான இடத்தில்தான் சூத்திரம் கைவிடுகிறது. இந்தியப் பதிவெண்ணும் VT- க்குப் பிறகு மூன்று எழுத்துதான். பதினெட்டு பிட் கையில் இருக்கும்போது சிங்கப்பூர் முறை தாராளமாக அமைந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. `800`, `801` என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து VT- க்குப் பின்னால் என்ன வரும் என்று கணக்கிட வழியில்லை. இலங்கையின் 4R- விமானங்களும் அப்படித்தான். திருச்சி மேல் வரும் சிங்கப்பூர் விமானத்துக்குக் காகிதத்திலேயே விடை கிடைக்கும். பக்கத்தில் நிற்கும் இந்திய விமானத்துக்குப் பட்டியல்தான் கதி.

பட்டியலில் தேடுவது

பட்டியல்கள் பல இடத்திலிருந்து வருகின்றன. எஃப்ஏஏ தன் முழுப் பதிவேட்டையும் தரவிறக்கும்படி வெளியிடுகிறது, அதில் ஹெக்ஸ் எண் ஒரு பத்தியாகவே இருக்கிறது. பிரிட்டனின் ஜி-இன்ஃபோ தளத்திலும் ஒவ்வொரு விமானத்துக்கும் எண் உண்டு. இப்படி வெளியிடாத நாடுகளின் விமானங்களை, விமான நிலையத்தில் வால் எண்ணைப் பார்த்து, அதே நேரத்தில் திரையில் வந்த ஹெக்ஸோடு பொருத்தி, ஆர்வலர்கள் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். ஓப்பன்ஸ்கை நெட்வொர்க்கின் பட்டியலும் tar1090 பயன்படுத்தும் பட்டியலும் இப்படிப் பல கை பட்டவை.

பட்டியலின் பெரிய லாபம் மாடல். சூத்திரம் பதிவெண்ணோடு நின்றுவிடும். அது ஏ320வா ஏடிஆரா என்று சொல்லாது. பட்டியலுக்கு அது தெரியும். பெரிய நஷ்டம் அதன் தன்னம்பிக்கை. விற்றுப்போன, உடைக்கப்பட்ட, வேறு நாட்டுக்கு மாறிய விமானத்தின் பெயரை அது கொஞ்சமும் தயங்காமல் காட்டும். நாடு திரும்ப வாங்கிய எண்ணை இன்னொரு விமானத்துக்குக் கொடுத்திருந்தால், பட்டியல் புதுப்பிக்கப்படும் வரை பழைய விமானமே பறந்துகொண்டிருக்கும்.

தப்பு விமானத்திலேயே இருப்பதும் உண்டு. பெரிய விமானங்களில் முகவரி பெரும்பாலும் டிரான்ஸ்பாண்டர் பெட்டியில் இல்லை, அது செருகப்படும் இடத்தின் ஒயரிங்கில் இருக்கிறது. பெட்டியை மாற்றினாலும் முகவரி விமானத்தோடே நிற்கும். சிறிய விமானங்களில் பெட்டியின் மெனுவில் கையால் அடிக்கிறார்கள். வேறு விமானத்திலிருந்து கழற்றிய பெட்டியை எண் மாற்றாமல் பொருத்திவிட்டால் பழைய விமானத்தின் அடையாளத்தோடு இது பறக்கும். இது ஆர்வலர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி அல்ல. மோதல் தவிர்ப்புக் கருவி தன் சொந்த முகவரியைச் சுமந்து வரும் பதில்களை ஒதுக்கிவிடும் என்பதால், ஒரே எண்ணுள்ள இரண்டு விமானங்கள் அந்தக் கருவியின் கண்ணில் ஒன்றுக்கொன்று மறைந்துவிடும். ஒரு முகவரி ஒரே நேரத்தில் இரண்டு விமானத்துக்கு இருக்கக்கூடாது என்று விதி அவ்வளவு கறாராகச் சொல்வது இதனால்தான்.

பட்டியல் பொய் சொல்கிறதா என்று பார்க்க நான் இரண்டு விஷயங்களை ஒப்பிடுவேன். ஒன்று, விமானம் அனுப்பும் கால்சைன், அதாவது அதன் அழைப்புப் பெயர். தனியார் சிறு விமானங்கள் வழக்கமாகத் தங்கள் பதிவெண்ணையே அங்கே போடும். அது பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, விமானம் தானே அறிவிக்கும் வகை. `A1` என்றால் சிறிய விமானம், `A5` என்றால் கனரகம். பட்டியல் செஸ்னா என்கிறது, வரியில் `A5` என்றும் 37,000 அடி என்றும் இருக்கிறது என்றால் பட்டியலை விட்டுவிடலாம்.

எண்ணே பொய்யாக இருந்தால்

மூன்று வழியும் எண் சரி என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கின்றன. அது எப்போதும் உண்மையில்லை.

விமானம் யாரும் கேட்காமல் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி செய்தியில் முகவரி தனியாக இருக்கும், பிழை சோதிக்கும் பிட்டுகளும் தனியாக இருக்கும். எனவே செய்தி கெட்டுப்போனால் தெரிந்துவிடும். ஆனால் ரேடார் கேட்டதற்கு விமானம் தரும் சாதாரண உயர, ஸ்குவாக் பதில்களில் இடத்தை மிச்சப்படுத்த முகவரியைச் சோதனைப் பிட்டுகளோடே கலந்து அனுப்புகிறார்கள். ரேடாருக்கு யாரைக் கேட்டோம் என்று தெரியும், அதனால் சிக்கலில்லை. ஒட்டுக் கேட்கும் நமக்குத் தெரியாது. அந்தப் பதிலில் ஒரு பிட் கெட்டால் முகவரியும் மாறி, பார்வைக்குச் சரியான இன்னொரு எண்ணாக வந்து நிற்கும். அதனால்தான் நல்ல மென்பொருள்கள் வேறு செய்தியில் ஏற்கெனவே உறுதியான முகவரியாக இருந்தால்தான் இந்தப் பதில்களை ஏற்கும். ரிசீவர் சிக்னலைப் படிக்கும் பழைய மென்பொருளான dump1090இல் `--aggressive` போட்டு ஓட்டினால் இரண்டு பிட் பிழைகளைக்கூடத் திருத்த முயலும். செய்தி எண்ணிக்கை கூடும், கூடவே இல்லாத விமானங்களும் முளைக்கும்.

`76CD63`இன் முதல் எழுத்து 7, அதாவது 0111. அதில் இரண்டாவது பிட் புரண்டால் 0011, அதாவது 3. எண் `36CD63` ஆகிவிடும். அது `340000` முதல் `37FFFF` வரையுள்ள ஸ்பெயின் பிளாக்கில் விழுகிறது. சிங்கப்பூர் விமானம் மேலே போகும்போது ஸ்பெயின் கொடியோடு ஒரு வரி சில நொடி தோன்றி மறைந்தால், ஸ்பெயினிலிருந்து அபூர்வ விருந்தாளி வந்துவிட்டது என்று படம் பிடித்துப் பகிர வேண்டாம். ஒன்றிரண்டு செய்திகளோடு நின்றுவிட்டதா, இருப்பிடமும் கால்சைனும் இல்லையா, அதே நேரத்தில் திரையில் உள்ள இன்னொரு எண்ணிலிருந்து ஓரிரு பிட் மட்டுமே வேறுபடுகிறதா என்று பார்த்தால் ஆவியா ஆளா என்று தெரிந்துவிடும்.

எண்ணுக்கு முன்னால் `~` குறி வந்தால் அது வேறு கதை. அது ஐசிஏஓ முகவரியே அல்ல என்று மென்பொருள் சொல்கிறது. அமெரிக்கத் தரை நிலையங்கள் ரேடார் தகவலை மறு ஒலிபரப்பும்போது இப்படி எண்கள் வரும். அதற்குப் பிளாக் பார்ப்பது, சூத்திரம் போடுவது எல்லாம் வீண்.

வேண்டுமென்றே மறைப்பதும் இருக்கிறது. எஃப்ஏஏவின் தனியுரிமை முகவரித் திட்டத்தில், அமெரிக்காவில் பதிவான தனியார் விமானங்கள் உள்நாட்டு வான்வெளியில் மட்டும் பயன்படுத்த ஒரு மாற்று முகவரி வாங்கலாம். பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே அந்த உரிமையாளர் இருக்கமாட்டார். சூத்திரம் போட்டாலும் உண்மைப் பதிவெண் வராது, பட்டியலிலும் அந்த விமானம் கிடைக்காது. எண் அமெரிக்க பிளாக்கில்தான் இருக்கும். மூன்றில் கீழே வைத்து நாம் மதிப்பிட்ட பிளாக் மட்டும்தான் இங்கே சொன்னதைக் காப்பாற்றுகிறது.

அப்படியானால் எதை எடுப்பது?

வெறுமனே கொடி காட்டினால் போதும், ரிசீவர் இணையம் இல்லாத இடத்தில் இருக்கிறது என்றால் பிளாக் போதும். அதை நாட்டின் பெயராக இல்லாமல் பதிவேட்டின் பெயராகப் படித்தால் சரி.

பதிவெண் வேண்டும் என்றால், சூத்திரம் உள்ள நாடுகளுக்கு முதலில் சூத்திரம், அப்புறம் பட்டியல் என்பது என் வரிசை. இரண்டும் ஒத்துப்போனால் மாடலைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் பட்டியல்தான் பழசு. இந்தியா, இலங்கை விமானங்களே அதிகமாக வரும் வானத்தில் பட்டியலைத் தவிர வழியில்லை. அங்கே பட்டியலை அடிக்கடி புதுப்பிப்பதில்தான் வேலை இருக்கிறது, சூத்திரத்தில் நேரம் செலவழிப்பதில் பயனில்லை.

குறிப்பிட்ட ஒரு விமானம் வந்தால் எச்சரிக்கை வேண்டும் என்பவர்களுக்கு முதலில் தோன்றுவது ஹெக்ஸ் எண்ணைக் குறித்து வைப்பது. `76CD63`ஐ இப்படிக் குறித்து வைத்திருந்தவருக்கு 2018க்குப் பிறகு மணி அடித்திருக்காது, அதே ஏ380 லண்டனில் இறங்கிக்கொண்டிருந்தபோதும். குறித்து வைக்க வேண்டியது தொழிற்சாலை வரிசை எண்ணான 006ஐ. அதற்கு இன்றைய ஹெக்ஸ் எது என்று பட்டியலில் அவ்வப்போது பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

ராணுவ விமானங்களுக்கு மட்டும் நான் பட்டியலைப் பின்னுக்குத் தள்ளிப் பிளாக்கை முன்னால் வைக்கிறேன். புதிதாக வரும் ராணுவ விமானம் எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஆனால் அதன் எண் நாட்டின் ராணுவப் பகுதிக்குள் விழும். பிரிட்டனில் அது `43C` என்று தொடங்கும். அமெரிக்காவுக்குப் பலரும் `AE` என்று தொடங்குவதைத்தான் வடிகட்டுகிறார்கள். அதில் அமெரிக்க அதிபரின் இரண்டு விசி-25 விமானங்களுமே தப்பிவிடும், ஏனென்றால் அவற்றின் எண்கள் `ADFDF8`, `ADFDF9`. N99999 முடிந்த இடத்துக்கு மேலே, ஆனால் `AE`க்குக் கீழே. எனவே வடிகட்டியை முதல் இரண்டு எழுத்தில் வைக்காமல், பதிவெண்கள் தீர்ந்துபோகும் இடத்தில் வைக்க வேண்டும்:

```
h = int(hexcode, 16)
mil_us = 0xADF7C8 <= h <= 0xAFFFFF
```